கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மெகந்தி போட வருகிற பெண் பையிலிருந்து கோனை எடுப்பதற்கு முன் கைபேசியைத்தான் எடுப்பார். அதில் கைகளின் படங்கள் வரிசையாக இருக்கும். "அரபிக் போடட்டுமாக்கா, ராஜஸ்தானியா, இல்ல மொராக்கோ மாதிரி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே படங்களைத் தள்ளிக் காட்டுவார். மணப்பெண் ஒன்றைத் தொட்டு "இதுதான்" என்பாள். அது எந்தப் பாணி என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். படத்தின் கீழே எழுதியிருப்பதோ பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்.

இந்தக் குழப்பத்தால் நேரமும் பணமும் வீணாகின்றன. கையின் ஒரு பக்கத்துக்கு அரபிக் கொடி வரைய அரை மணி நேரம் போதும். முழங்கை வரை நிறைத்துப் போடும் ராஜஸ்தானி மணப்பெண் டிசைனுக்கு 4, 5 மணி நேரம் உட்கார வேண்டும். பெயரைச் சொல்லி ஒன்றைக் கேட்டு, படத்தைக் காட்டி இன்னொன்றைக் கேட்டால், நடுராத்திரியில் கூலிப் பேச்சில் போய் நிற்கும். ஒரு கையின் படத்தை மட்டும் வைத்துப் பாணியைச் சொல்ல முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

நம் கண் முதலில் போவது உருவத்துக்கு. மயில் இருந்தால் இந்திய டிசைன், பெரிய பூ இருந்தால் அரபிக், கட்டம் இருந்தால் மொராக்கோ என்று முடிவு கட்டிவிடுகிறோம். உருவம்தான் எல்லாவற்றிலும் எளிதாக ஊர்விட்டு ஊர் போவது. மதுரையில் கோன் பிடிக்கிற ஒருவர் மொராக்கோக் கட்டத்தை ஒரே நாளில் படம் பார்த்துக் கற்றுக்கொள்வார். துபாயில் இருக்கிற ஒருவர் மயிலை அப்படியே கற்றுக்கொள்வார். ஆனால் கோட்டைக் கையின் எந்த இடத்தில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு தோலை வெறுமையாக விடுவது என்பவை பல ஆண்டுப் பழக்கத்தில் கைக்குள் போய்விட்டவை. புதிய உருவத்தைக் கற்ற பிறகும் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. அதனால் படத்தில் முதலில் அமைப்பைப் பார்க்க வேண்டும், அடுத்து அடர்த்தியையும் கோட்டின் தடிமனையும், கடைசியாக உருவத்தை.

அமைப்பை மட்டும் தனியாகப் பார்க்க எளிய வழி, படத்தைச் சுருக்குவதுதான். கைபேசியில் படங்களின் தொகுப்பைத் திறந்தால் ஒவ்வொன்றும் நகத்தளவு கட்டமாகத் தெரியுமே, அந்த அளவு போதும். பூவா மயிலா என்று கண்ணுக்குத் தெரியாமல் போய், செம்பழுப்பு எங்கே இருக்கிறது, தோல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும். அப்போது இந்திய மணப்பெண்ணின் கை, கையுறை போட்டதுபோல் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை ஒரே சீரான பழுப்பாகத் தெரியும். நாம் அரபிக் என்று சொல்வது மணிக்கட்டின் ஒரு மூலையிலிருந்து ஆள்காட்டி விரலுக்கு ஓடும் ஒற்றைச் சாய்ந்த பட்டையாகத் தெரியும். மொராக்கோக் கை, நேர்கோட்டு விளிம்பு கொண்ட கட்டங்களாகப் பிரிந்து நிற்கும். வளைகுடா நாடுகளின் டிசைன் இடைவெளி விட்டு வைத்த தடித்த திட்டுகளாகத் தெரியும்.

இந்திய டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தச் சீரான பழுப்பு உண்மையில் பல அடுக்குகள் என்பது புரியும். விரல்நுனி முழுதாக நிரப்பப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு குறுக்குக் கோடு, கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தனித்தனி நிரப்பல். உள்ளங்கையில் வட்டமோ, நிற்கும் உருவமோ. மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றி வரும் பட்டை. அதற்கு மேல் முன்கையில் மறுபடி உருவம், மறுபடி பட்டை. கையை மேலிருந்து கீழாகத் தளம் தளமாகப் பிரித்து, ஒவ்வொரு தளத்தையும் மூடி முடிப்பது இந்தக் கைகளின் பழக்கம். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். பல டிசைன்களில் ஒரு கையில் மணமகன், மறு கையில் மணமகள்.

இதிலிருந்து ஒற்றைக் கைப் படத்துக்கே உதவும் ஒரு தடயம் கிடைக்கிறது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒரு வட்டமோ தாமரையோ பாதியில் வெட்டப்பட்டு நின்றால், வரைந்தவர் தவறு செய்யவில்லை. மீதிப் பாதி அடுத்த கையில் இருக்கிறது. இரு கைகளையும் சேர்த்து ஏந்தும்போது முழு வட்டம் வரும். கையை இரண்டாக அல்லாமல் ஒரே பரப்பாக எண்ணி வரையும் இந்த முறை இந்தியத் துணைக்கண்டத்து மணப்பெண் டிசைனில் மிகவும் பரவலானது. தனிக் கொடியாகப் போகும் அரபிக்கில் அதற்கு வேலையே இல்லை.

இவ்வளவு நெருக்கமாக வரைய எப்படி முடிகிறது என்று கேட்டால் பதில் பொடியில் இருக்கிறது. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத், மருதாணி இலைக்கும் பொடிக்கும் பெயர்போன ஊர். சோஜத் மெகந்திக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொடியை மெல்லிய துணியில் பலமுறை சலித்தால்தான் அதில் நார் இருக்காது. நார் இருந்தால் கோனின் முனை அடைத்துக்கொள்ளும், முனையைப் பெரிதாக வெட்ட வேண்டி வரும், கோடு தடித்துவிடும். தலைமுடி அளவு கோடு வேண்டுமென்றால் பொடி மாவுபோல் இருக்க வேண்டும். ஆகவே ராஜஸ்தானிக் கையில் குறைந்தது இரண்டு தடிமன்கள் தெரியும்: உருவத்தின் வெளிவரை சற்றே தடித்து, உள்ளே நிரப்பும் கோடுகள் நூலிழையாக. அருகருகே ஓடும் ஐந்தாறு மெல்லிய கோடுகள், அவற்றை ஒட்டிச் சின்னச் சின்ன வளைவுகள், கண்ணுக்குத் தோல் தெரிவது கோடுகளின் இடுக்கில் மட்டும்.

பாகிஸ்தானிப் பாணி என்று சொல்லப்படுவதை அமைப்பை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். அதே நிறைவு, அதே மணிக்கட்டுப் பட்டை, உள்ளங்கையில் அதே வட்டம். இங்கேதான் உருவம் உதவிக்கு வருகிறது. மனித முகமும் யானையும் மயிலும் அநேகமாக இருக்காது. அவற்றின் இடத்தைப் பூவும் இலையும் மாங்காய் வடிவமும் பிடித்திருக்கும். கையின் மேல்புறத்தில் அடர்த்தி சற்றுத் தளர்ந்து கொடி ஓட்டம் கலந்திருக்கும். ஆனால் இந்தியாவில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களிலும் இப்படித்தான் வரைகிறார்கள். ஆகவே படத்தை மட்டும் பார்த்து "இது பாகிஸ்தான்" என்று அடித்துச் சொல்வது நேர்மையாக இருக்காது. "உருவங்கள் தவிர்த்த, நிறைவான துணைக்கண்ட டிசைன்" என்று சொல்லலாம். அந்த அளவுக்குத்தான் படம் சாட்சி சொல்லும்.

அரபிக் என்று நாம் அழைப்பது

நம் ஊர் அழகு நிலையங்களில் அரபிக் என்ற பெயரில் இருப்பது ஒன்று. அரபு நாடுகளில் பெண்கள் கையில் போடுவது வேறு பல. 2024 டிசம்பரில் மருதாணி சார்ந்த சடங்குகளையும் கலையையும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது 16 அரபு நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. மேற்கே மௌரித்தானியாவிலிருந்து கிழக்கே ஓமன் வரை பரந்த அந்த நிலப்பரப்பில் ஒரே பாணி இருக்க வாய்ப்பே இல்லை. நாம் அவை எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால் படத்தில் ஒரு கொடியைப் பார்த்ததும் அரபிக் என்று எழுதிவிடுகிறார்கள்.

நம் அரபிக்கின் அடையாளம் அந்தச் சாய்வு. மணிக்கட்டின் வெளிப்புறத்தில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே தொடங்கும். புறங்கையைக் குறுக்காகக் கடந்து ஆள்காட்டி விரலின் நுனியில் முடியும். கட்டை விரலும் மற்ற விரல்களும் வெறுமையாகவோ, ஒரு சின்ன இலையோடோ நிற்கும். பட்டைக்கு இருபுறமும் தோல் தாராளமாகத் தெரியும். கை சமச்சீராக இருக்காது, இருக்கவும் கூடாது. பூவின் வெளிவரை தடித்து இருக்கும். இதழின் உட்பக்கத்தில் மசியை லேசாக இழுத்துத் தேய்த்து நிழல் கொடுத்திருப்பார்கள். இதை ஷேடிங் என்கிறார்கள். விளிம்பில் ஆழ்ந்த நிறமும் உள்ளே போகப் போக வெளிறிய நிறமும் ஒரே இதழில் தெரிந்தால் அது ஷேடிங். ராஜஸ்தானி நிரப்பலில் இது இல்லை. அங்கே இதழை நிரப்புவது மெல்லிய கோடுகள்தான்.

வளைகுடாவில், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆகிய நாடுகளில், கலீஜி என்று அழைக்கப்படும் டிசைனை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். அங்கே பட்டை முக்கியமில்லை, பூ முக்கியம். புறங்கையின் நடுவிலோ மணிக்கட்டுக்கு மேலோ ஒரு பெரிய பூ, பக்கத்தில் இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் மெல்லிய தண்டு, அதிலிருந்து விரல்களுக்குப் போகும் இலைகள். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். ஒரே தண்டு மெலிந்து தொடங்கித் தடித்து மறுபடி மெலியும். கோனை அழுத்தும் விரலின் அழுத்தம் மாறிக்கொண்டே போனால்தான் அந்த மாற்றம் வரும். இந்திய அரபிக் கொடியில் இலையும் பூவும் நெருங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பட்டையாகிவிடும். கலீஜியில் ஒவ்வொரு பூவுக்கும் சுற்றிலும் மூச்சு விட இடம் இருக்கும். இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, பூவுக்கும் பூவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தாலே போதும்.

சூடானின் டிசைன்கள் இன்னும் தடித்தவை. கருமையான பெரிய பூக்களும், முழுதாக நிரப்பிய விரல்நுனிகளும் அதன் முகவரி. அந்தக் கருமையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர்கோட்டின் ஊர்

மொராக்கோவில் மருதாணி வரைபவரை நக்காஷா என்கிறார்கள். அவர் கையில் பெரும்பாலும் கோன் இருக்காது. ஊசி மழுக்கிய மருத்துவச் சிரிஞ்சில் மசியை நிரப்பி வரைவார். முதலில் இருந்து கடைசி வரை ஒரே அழுத்தம், ஒரே துளை, அதனால் கோட்டின் தடிமனும் கிட்டத்தட்ட ஒன்றே. கலீஜியின் தடித்து மெலியும் தண்டை இந்தக் கருவியில் கொண்டுவருவது கடினம். நேர்கோடும் முக்கோணமும் சாய்சதுரமும் இதில் சுலபம்.

அந்த வடிவங்கள் மருதாணியில் பிறந்தவை அல்ல. அமாசிக் பழங்குடிப் பெண்கள் நெய்யும் கம்பளங்களிலும், ஒரு காலத்தில் முகத்திலும் கையிலும் குத்திக்கொண்ட பச்சையிலும் இதே சாய்சதுரமும் இதே மரக்கோடும் இருந்தன. ஃபெஸ் நகரத்துச் சுவர்களின் ஓட்டு வேலைப்பாட்டிலும் நட்சத்திரமும் கட்டமும்தான். ஃபெஸ் பாணி மருதாணியில் கட்டங்கள் சிறுத்து, நெருங்கி, கையை முழுக்க மூடிவிடும். மராகேஷ் பக்கம் போனால் வளைவும் பூவும் கூடும். மொராக்கோ என்றாலே கட்டம்தான் என்று நினைப்பவர்கள் மராகேஷின் பூக்களைப் பார்த்து அரபிக் என்று எழுதிவிடுவது இதனால்தான்.

ஃபெஸ் பாணிக் கை அடர்த்தியில் ராஜஸ்தானிக்குச் சளைத்தது இல்லை. இரண்டையும் பிரிப்பது அடர்த்தி அல்ல, எல்லைக்கோடு. ராஜஸ்தானியிலும் கட்டம் உண்டு. ஜால் என்று சொல்லப்படும் வலைப்பின்னல், குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகளும் கண்ணிக்குக் கண்ணி ஒரு புள்ளியுமாக இருக்கும். அந்த வலை எப்போதும் வேறொன்றின் உள்ளே இருக்கும்: ஒரு மாங்காயின் வயிற்றில், ஒரு இதழின் நடுவில், ஒரு வட்டத்தின் உள்வளையத்தில். அதன் விளிம்பு வளைந்து போகும். மொராக்கோவில் கட்டம் எதன் உள்ளேயும் இல்லை. கட்டமே எல்லை. புறங்கையின் குறுக்கே ஒரு நேர்கோடு, விரல் தொடங்கும் இடத்தில் இன்னொன்று, நடுவில் சாய்சதுரங்கள். சில சாய்சதுரங்கள் முழுதாக அடைக்கப்பட்டு, பக்கத்தில் இருப்பவை வெறுமையாக விடப்பட்டு, கருப்பு வெள்ளைக் கட்டம்போல் மாறி மாறி வரும். ஒரு படத்தில் கட்டத்தைக் கண்டால் அதன் விளிம்பைப் பின்தொடருங்கள். விளிம்பு வளைந்தால் கிழக்கே வாருங்கள், நேராக ஓடினால் மேற்கே போங்கள்.

ஒரு படத்தைப் படிப்போம்

இணையத்தில் பல்லாயிரக்கணக்கில் உலவும் வகைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடது கையின் புறங்கை. கீழே "புதிய அரபிக் டிசைன்" என்று எழுதியிருக்கிறது. மணிக்கட்டின் வெளிப்புறத்திலிருந்து ஒரு கொடி ஏறி ஆள்காட்டி விரலின் நுனிக்குப் போகிறது. கொடியின் நடுவே ஒரு மயிலின் கழுத்து வளைந்து நிற்கிறது. மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மற்ற மூன்று விரல்களின் நுனியிலும் நிரப்பிய தொப்பிகள்.

சுருக்கிப் பார்க்கிறோம். சாய்ந்த பட்டை தெரிகிறது, இருபுறமும் தோல் தெரிகிறது. எழுதியிருப்பது சரி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பட்டை மணிக்கட்டில் காற்றில் மிதந்து முடியவில்லை, ஒரு குறுக்குப் பட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விரல்நுனிகளும் மூடப்பட்டிருக்கின்றன. மேலும் கீழும் மூடி முடிப்பது தளம் பிரிக்கிற கையின் பழக்கம் என்று பார்த்தோம். சந்தேகம் இங்கே தொடங்குகிறது.

இப்போது பெரிதாக்குகிறோம். பட்டைக்கு வெளியே நிறையத் தோல் இருந்தாலும் பட்டைக்கு உள்ளே தோலே இல்லை. பூவுக்கும் இலைக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளிகளைக்கூட சுருள்களும் புள்ளிகளும் நிரப்பியிருக்கின்றன. இதழ்களில் நிழல் இல்லை; ஒவ்வொன்றிலும் நான்கைந்து நூலிழைக் கோடுகள். பூவின் நடுவில் ஜால், அதன் விளிம்பு வட்டமாக வளைகிறது. வெளிவரை ஒரு தடிமன், உள்நிரப்பல் வேறு தடிமன். இவை எல்லாம் இந்தியக் கோனின் வேலை.

கடைசியாக மயில். அது சேர்ந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ஓட்டம் அரபிக், நிரப்பலும் முடிப்பும் இந்தியம். இந்தோ-அரபிக் என்று இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. நிரப்பிப் பழகிய கை, கொடி வரைந்தாலும் கொடிக்குள் இடம் விடாமல் நிரப்பிவிடும். இதே படத்தைக் கலீஜி வரைகிறவர் பார்த்து மயிலோடு வரைந்தால் என்ன ஆகும்? மயில் பெரிதாகி, தனியாக நிற்கும். அதன் கழுத்து ஒரே கோட்டில் தடித்து மெலியும். மணிக்கட்டுப் பட்டை காணாமல் போகும். உருவம் ஒன்றே, ஆனால் படம் வேறு பாணியாகிவிடும். உருவத்தைக் கடைசியில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

இந்த வரிசையில் பார்த்தும் முடிவு வராத படங்கள் உண்டு. மொராக்கோச் சாய்சதுரங்களை ஒரு மாங்காயின் உள்ளே அடுக்கி, மாங்காயை அரபிக் கொடியில் கோத்து வைப்பவர்கள் இப்போது நிறைய. அதற்கு ஒற்றைப் பெயர் தேடுவதைவிட, அமைப்பு அரபிக், நிரப்பல் மொராக்கோ என்று இரண்டாகச் சொல்வது வரைகிறவருக்கும் பயன்படும். அவர் எங்கே தொடங்க வேண்டும், எதை எதால் நிரப்ப வேண்டும் என்பது அந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது.

படம் ஏமாற்றும் இடங்கள்

படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது அடர்த்தியைப் பெரிதும் மாற்றிவிடும். மசி காயாமல் இருக்கும்போது எடுத்தால் கோடுகள் மேடாக, பளபளப்பாக, ஏறத்தாழக் கருப்பாகத் தெரியும். தோலோடு அவற்றின் வேறுபாடு அதிகம் என்பதால் எளிய டிசைன்கூட நெருக்கமாகத் தோன்றும். மசியை உதிர்த்த உடனே எடுத்தால் வெளிறிய ஆரஞ்சு. கோடுகள் மங்கி டிசைனே மெலிந்ததுபோல் இருக்கும். நிறம் முழுதாக ஏற 48 மணி நேரம் வரை ஆகும். ஷேடிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கடைசிக் கட்டத்துப் படம்தான் நல்லது. லேசாக இழுத்த மசி லேசான நிறத்தையே விட்டிருக்கும், விளிம்பு ஆழ்ந்திருக்கும், இரண்டும் பிரிந்து தெரியும்.

கையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். உள்ளங்கையில் தோலின் மேலடுக்கு தடித்தது என்பதால் நிறம் ஆழ்ந்து பிடிக்கும். புறங்கையில் அதே மசி வெளிறியே இருக்கும். உள்ளங்கைப் படத்தையும் புறங்கைப் படத்தையும் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பாணியைச் சொல்வது அதனால் தவறு. தன்பட கேமராவில் எடுத்த படம் இடம் வலம் மாறியிருக்கலாம் என்பதால், கொடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைவிட எந்த விரலில் முடிகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. கட்டை விரல் எப்படியும் படத்தில் கட்டை விரல்தான்.

நிறம் பாணியின் அடையாளமே அல்ல. மருதாணியின் சாயம் லாசோன் என்ற பொருள். தோலில் அது ஆரஞ்சிலிருந்து ஆழ்ந்த செம்பழுப்பு வரை தரும். மை போன்ற கருப்பைத் தராது. புறங்கையில் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்ற கருப்பு டிசைன் வந்திருந்தால் அது மருதாணி மட்டும் அல்ல. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும். சூடானிலும் வளைகுடாவிலும் சுற்றுலாத் தலங்களிலும் இந்தக் கருப்பு பரவியிருக்கிறது. இதனால் சிலருக்குக் கொடியின் வடிவத்திலேயே கொப்புளம் கிளம்பித் தழும்பாகும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் தலைக்குச் சாயம் போடும்போதும் அது திரும்பத் தாக்கும். "இந்தக் கருப்பு டிசைன் வேணும்" என்று படத்தைக் காட்டுகிற பெண்ணுக்கு அதே டிசைனைச் செம்பழுப்பில் போட்டுக் கொடுக்க முடியும். கோடு ஒன்றும் மாறாது.

இத்தனை வெளியூர்ப் படங்களுக்கு நடுவே நம் வீட்டுப் பழைய படங்களில் ஒரு கை இருக்கும். உள்ளங்கையின் நடுவில் ஒரு நிறைந்த வட்டம், அதைச் சுற்றிச் சிறு பொட்டுகள், ஐந்து விரல்களின் நுனியிலும் தொப்பிகள். இந்தப் படங்களை இப்போது எளிய மண்டலா டிசைன் என்று வகைப்படுத்தி வைக்கிறார்கள். கோனில் வரைந்த மண்டலாவும் இதுவும் வேறு. அம்மியில் அரைத்த பச்சை இலை விழுதில் நாரும் கொரகொரப்பும் இருக்கும். அதைக் கோனில் பிழிய முடியாது, விரலால் எடுத்து அப்பத்தான் முடியும், பொட்டு வைக்க ஒரு ஈர்க்குச்சி உதவும். மெல்லிய கோடு என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. அடைத்த வட்டமும் அடைத்த நுனியும்தான் அந்த விழுதால் ஆகக்கூடியது. படத்தைப் பெரிதாக்கினால் வட்டத்தின் விளிம்பு கூர்மையாக இருக்காது, இலைத்துணுக்குகள் ஒட்டியிருந்த இடங்களில் நிறம் மேடும் பள்ளமுமாக ஏறியிருக்கும், இரண்டு பொட்டுகள் ஒரே அளவில் இருக்காது. கோன் மண்டலாவில் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய வளையங்கள் இருக்கும், வெளிவிளிம்பு ஒரே சீராக இருக்கும். பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது, பிளாஸ்டிக் கோன் அந்த வீட்டுக்கு வந்த காலத்தை இந்த விளிம்பை வைத்தே ஏறக்குறையச் சொல்லிவிடலாம்: அக்காவின் கையில் அப்பிய வட்டமும், தங்கையின் கையில் ஆள்காட்டி விரல் வரை ஓடிய மெல்லிய கொடியும் இருக்கும்.